எலிப்பொறிக் கட்டு: நடுவில் வெற்றிடம் உள்ள செங்கல் சுவர் எப்படி நிற்கிறது?

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. ஏழு பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. கருங்கல் அத்திவாரம் முடிந்து, செங்கல் சுவர் இடுப்பளவு வந்திருந்தது. வீட்டுக்கார அக்கா மேலிருந்து சுவருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "ஏன் தம்பி, உள்ள பூரா ஓட்டையா இருக்கே. காசு மிச்சம் புடிக்கிறேன்னு ஓட்டச் சுவரு வச்சிக் குடுக்குறீங்களா? எலி வந்து குடும்பம் நடத்தாதா?"

எலிப்பொறிக் கட்டு என்ற பெயரைக் கேட்டவர் எல்லோரும் கேட்கும் கேள்விதான் இது. மறுபக்கம், இதைப் புகழ்கிறவர்களும் அளவுக்கு மீறிப் புகழ்கிறார்கள். பாதிச் செலவில் சுவர் என்கிறார்கள், ஏசி போட்டதுபோல வீடு என்கிறார்கள். இரண்டும் சரியில்லை. பெயருக்கும் எலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேலிருந்து பார்த்தால் பெட்டி பெட்டியாக, பழைய மரப் பொறிபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் முன்பே இருந்த கட்டுமுறை இது. நம் பக்கத்து நாட்டில் இதைப் பரப்பியவர் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர். இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் குடியேறி, 2007இல் திருவனந்தபுரத்தில் காலமானவர்.

கல்லைப் படுக்க வைப்பதும் நிமிர்த்தி வைப்பதும்

ஒரு தீப்பெட்டியை மேசையில் படுக்க வையுங்கள். அகலமான பக்கம் கீழே இருக்கும். நாம் பார்த்துப் பழகிய செங்கல் சுவரில் கல் இப்படித்தான் படுத்திருக்கிறது. இப்போது அதே தீப்பெட்டியை, மருந்து பூசிய பக்கம் கீழே வரும்படி நிமிர்த்துங்கள். உயரம் கூடிவிட்டது, கீழே பிடிக்கும் இடம் குறைந்துவிட்டது. எலிப்பொறிக் கட்டில் எல்லாக் கல்லும் இப்படி நிமிர்ந்துதான் நிற்கும்.

இலங்கைத் தரப்படி ஒரு செங்கல் 220 மில்லிமீட்டர் நீளம், 105 அகலம், 65 கனம். சாந்தையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒன்பது அங்குலம், நாலரை அங்குலம், மூன்று அங்குலம். இந்த மூன்று எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்றக் கணக்கெல்லாம் அதிலிருந்தே வரும்.

சுவரின் போக்கிலேயே நீளமாக நிற்கும் கல்லை நீட்டுக்கல் என்போம். சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கம் வரை குறுக்கே போகும் கல்லைக் குறுக்குக்கல் என்போம். எலிப்பொறிக் கட்டில் வெளிப்பக்கம் ஒரு நீட்டுக்கல், உள்பக்கம் ஒரு நீட்டுக்கல், இரண்டுக்கும் நடுவில் வெற்றிடம். அடுத்து ஒரு குறுக்குக்கல். மறுபடி ஒரு சோடி நீட்டுக்கல், மறுபடி ஒரு குறுக்குக்கல். அடுத்த வரியில் குறுக்குக்கல்லைக் கீழே உள்ள நீட்டுக்கல்லின் நடுவுக்கு நேராக வைக்க வேண்டும். அப்போதுதான் செங்குத்துச் சந்துகள் ஒன்றின் மேல் ஒன்று வராது.

சுவரின் மொத்தக் கனம் குறுக்குக்கல்லின் நீளம்தான், அதாவது ஒன்பது அங்குலம். அதில் இரண்டு நீட்டுக்கற்கள் மும்மூன்று அங்குலம் எடுத்துக்கொள்கின்றன. நடுவில் மிஞ்சுவது மூன்று அங்குலம். உண்மையில் அளந்தால் மூன்றரை இருக்கும்.

இதுவரை சொன்னதன் சாரம்: கனம் அதே ஒன்பது அங்குலம்தான். கல் படுப்பதற்குப் பதிலாக நிமிர்கிறது. நடுவில் மூன்று அங்குல வெற்றிடம் வருகிறது. இரு பக்கமும் தோல்போல நிற்கும் நீட்டுக்கற்களைக் குறுக்குக்கல் பிடித்துக்கொள்கிறது.

எட்டுக் கல்லுக்குப் பதில் ஆறு

சுவரில் ஓர் அடி நீளம், ஒன்பது அங்குல உயரம் உள்ள துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான படுக்கைக் கட்டில் மூன்று அங்குல வரியாக மூன்று வரி ஏறும். அந்தத் துண்டை நிரப்ப எட்டுக் கல் வேண்டும். எலிப்பொறிக் கட்டில் நாலரை அங்குல வரியாக இரண்டு வரிதான். ஒரு வரிக்கு ஒரு சோடி நீட்டுக்கல்லும் ஒரு குறுக்குக்கல்லும், ஆக மூன்று கல். இரண்டு வரிக்கு ஆறு. எட்டு ஆறாகிறது. எல்லோரும் சொல்லும் 25 சதவீதம் இதுதான்.

ஆனால் வீடு முழுக்க இந்த 25 சதவீதம் கிடைக்காது. அத்திவாரத்துக்கு மேல் முதல் வரியைப் படுக்கைக் கல்லாக நிரப்பித்தான் தொடங்க வேண்டும். கூரை உட்காரும் கடைசி வரியும், கதவு யன்னலுக்கு மேல் லின்டல் அமரும் இடமும், யன்னல் அடிக்கட்டையும் நிரம்பியிருக்க வேண்டும். பாரம் இரு தோலுக்கும் சமமாக இறங்குவதற்கும் வெற்றிடம் மூடப்படுவதற்கும் இது தேவை. வீட்டு மூலைகளையும் கதவு யன்னல் ஓரங்களையும் அப்படியே நிரப்பிக் கட்ட வேண்டும்.

அந்த அக்காவின் வீட்டையே எடுப்போம். 25 அடிக்கு 22 அடி. வெளிச்சுவர் சுற்றளவு 94 அடி, உயரம் பத்து அடி. கதவு யன்னல் கழித்தால் சுமார் 820 சதுர அடிச் சுவர். முழுவதும் படுக்கைக் கட்டாக இருந்தால் சுமார் 8,750 கல் போகும். எலிப்பொறிக் கட்டில் 820இல் சுமார் 150 சதுர அடி நிரப்பிக் கட்டும் பகுதி. அதற்கு 1,600 கல். மீதி 670 சதுர அடிக்குச் சதுர அடிக்கு எட்டு வீதம் 5,360. மொத்தம் 6,960. மிச்சம் 1,790 கல், ஏறத்தாழ 20 சதவீதம். கதவும் யன்னலும் கூடக் கூட இது இன்னும் குறையும். யாராவது 30 சதவீதம் மிச்சம் என்று சொன்னால், அவர் எந்த மூலையை நிரப்பாமல் விடப்போகிறார் என்று கேளுங்கள்.

சாந்தில் மிச்சம் இதைவிடப் பெரியது. படுக்கைக் கட்டில் கல்லின் அகலமான பக்கம் முழுவதும் சாந்து பரப்ப வேண்டும். நடுச் சந்துகளையும் நிரப்ப வேண்டும். இங்கே மூன்று அங்குல விளிம்பில் மட்டும்தான் சாந்து. சிந்துவதையும் சேர்த்தாலும் பாதிக்குப் பாதி குறையும். கீழ்நாட்டிலிருந்து கல்லை லொறியில் ஏற்றி, றோட்டு முடியும் இடத்தில் இறக்கி, அங்கிருந்து தலையில் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோகிற இடங்களில், 1,790 கல் குறைவது விலையில் மட்டும் குறைவதல்ல. ஒரு கல் இரண்டரைக் கிலோவுக்கு மேல். நாலரைத் தொன் சுமை குறைகிறது.

கூலியில் மட்டும் மிச்சத்தை எதிர்பார்க்காதீர்கள். பழகாத பாஸ் முதல் வாரம் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் கட்டுவார்.

வெற்றிடம் ஏன் பலவீனம் இல்லை

மூங்கிலைப் பாருங்கள். உள்ளே வெறும் காற்று. ஆனாலும் அதே எடையுள்ள கெட்டியான குச்சியைவிட மூங்கில் வளைவது கடினம். ஒரு பொருளை வளைக்கும்போது அதன் வெளி ஓரங்கள்தான் இழுபடவும் நசுங்கவும் செய்கின்றன. நடுவில் இருப்பது அனேகமாகச் சும்மா இருக்கிறது. சும்மா இருப்பதை எடுத்துவிட்டால் நட்டம் சொற்பம்.

இதை எண்ணாகவும் காட்டலாம். வளைவை எதிர்க்கும் விறைப்பு, கனத்தின் மும்மடிப் பெருக்கலோடு கூடும். ஒன்பது அங்குலக் கெட்டிச் சுவருக்கு 9×9×9, அதாவது 729. நடுவில் மூன்று அங்குலத்தை எடுத்துவிட்டால் 3×3×3, அதாவது 27 குறைகிறது. மீதி 702. கெட்டிச் சுவரின் விறைப்பில் 96 சதவீதம் அப்படியே இருக்கிறது.

ஆனால் இது ஒரு நிபந்தனையோடுதான் வரும். ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நெடுங்கம்பையும் படிகள் பிணைத்திருக்கும்வரைதான் அது ஏணி. படியெல்லாம் கழன்றால் இரண்டு தனிக் கம்பு, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு வளையும். எலிப்பொறிக் கட்டில் ஏணிப்படி குறுக்குக்கல்தான். அது இல்லாவிட்டால் நம்மிடம் இருப்பது மூன்று அங்குலச் சுவர் இரண்டு. ஒன்றுக்கு 27 வீதம் இரண்டுக்கும் 54. 729 எங்கே, 54 எங்கே? 96 சதவீதமாக இருந்தது ஏழு சதவீதமாகிவிடும்.

ஆகவே இந்தச் சுவரில் பயப்பட வேண்டியது வெற்றிடத்துக்கு அல்ல, பொய்யான குறுக்குக்கல்லுக்குத்தான். உடைந்த அரைக்கல் வீணாகக் கிடக்கிறதே என்று, வெளிப்பக்கம் ஒரு அரைக்கல்லும் உள்பக்கம் ஒரு அரைக்கல்லும் வைத்துவிடுவார்கள். வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. நான் ஒரு வேலையில் இதைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். குறுக்குக்கல்லின் முகத்தைக் கையால் தள்ளியபோது, ஈரச் சாந்தில் அது மட்டும் தனியாக ஆடியது. மூன்று வரியைப் பிரித்துத் திரும்பக் கட்டினோம். பாஸுக்கு என்மேல் கோபம். பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடியும் முன் மேல் வரியை எட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மேலிருந்து பார்த்தால் குறுக்குக்கல் ஒரே துண்டா இல்லையா என்பது பளிச்சென்று தெரியும்.

நேர்க்கீழான பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து அடி உயரச் சுவரில் ஓர் அடி நீளம் எடுத்தால், பூச்சோடு சேர்த்து 300 கிலோ. மேலே பின்னொரு நாள் கொங்கிரீட் தட்டு போட்டாலும், இன்னும் 250 கிலோ என்று வையுங்கள். வெற்றிடத்தைக் கழித்துப் பாரம் தாங்கும் பரப்பில் பகிர்ந்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சுமாரான நாட்டுக்கல்லே நசுங்க 30 கிலோ அளவு வேண்டும். சாந்தோடு சேர்ந்த சுவர் ஒற்றைக் கல்லைவிடப் பலம் குறைந்தது. அதனால் மூன்றில் ஒன்றாக, பத்து என்று எடுத்தாலும் தேவைக்கு எட்டு மடங்கு இருக்கிறது. ஒரு தட்டு வீட்டுக்குக் கவலையே வேண்டாம். இரண்டாவது தட்டு எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே பொறியியலாளரிடம் காட்டி, மூலையை ஒட்டிய வெற்றிடங்களில் கம்பி விட்டு கொங்கிரீட் நிரப்புவதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கூடாது. மலையை வெட்டி வீடு கட்டுகிற நம் ஊரில், பின்சுவர் மேல் மண் சாய்ந்து நிற்பதைப் பார்க்கிறோம். மண்ணைத் தாங்கும் வேலைக்கு இந்தச் சுவர் இல்லை. அதற்குக் கருங்கல் அணைசுவர் தனியாக வேண்டும். வீட்டுச் சுவருக்கும் அதற்கும் இடையே கானும் நடைபாதையும் வேண்டும்.

சாரம்: நடுவை எடுப்பதால் போவது சொற்பம். குறுக்குக்கல் முழுதாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும்.

குளிர்: கிடைப்பது எவ்வளவு

மாசி மாதப் பனியில் ஒரு தடித்த கம்பளியைவிட இரண்டு மெல்லிய கம்பளி சுகமாக இருப்பது ஏன்? இரண்டுக்கும் நடுவில் அசையாமல் மாட்டிக்கொண்ட காற்று, உடம்புச் சூட்டை வெளியே விடாது. சுவரின் வெற்றிடத்தில் அடைபட்ட காற்றுக்கும் அதே வேலைதான். அந்தக் காற்றிடுக்கு சூட்டைத் தடுப்பது சுமார் ஐந்து அங்குலச் செங்கல் தடுப்பதற்குச் சமம்.

ஐந்து அங்குலம் என்றதும் மகிழ்ந்துவிடக் கூடாது. அதற்காக மூன்று அங்குலச் செங்கல்லை விட்டுக்கொடுத்திருக்கிறோம். நிகர லாபம் இரண்டு. அதுவும் நீட்டுக்கல் உள்ள இடத்தில்தான். சுவர் முகத்தில் கால்பங்கு குறுக்குக்கல். அதன் வழியே சூடு நேராக ஓடிவிடும். கூட்டிக் கழித்தால் நம் ஒன்பது அங்குலச் சுவர், பத்தரை அங்குலக் கெட்டிச் சுவர்போல நடந்துகொள்ளும். கல்லைக் குறைத்துவிட்டும் சூட்டுத் தடுப்பு குறையவில்லை, கொஞ்சம் கூடுகிறது என்பதே பெரிய விஷயம். ஏசி என்றெல்லாம் பேசத் தேவையில்லை.

நம் பகுதியில் அதிகம் போடுவது நாலு அங்குலப் புளொக் கல். அதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். காலையில் சுவரில் கை வைத்தாலே புரியும். ஆனால் மேலே வெறும் தகரம் போட்டுவிட்டுச் சுவரை நம்பக்கூடாது. இரவில் சூடு பெரும்பாலும் கூரை வழியாகத்தான் போகிறது. சீலிங் அடிக்காத வீட்டில் எந்தச் சுவர் வைத்தாலும் போர்வை தேவைப்படும்.

மழைதான் சோதனை

வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால், மேற்குச் சரிவுகளில் மழை மேலிருந்து மட்டும் பெய்வதில்லை, பக்கவாட்டில் அடிக்கிறது. பூசாத செங்கல் முகம் அழகுதான். கேரளத்தில் அப்படி விட்ட வீடுகள் நிறைய. ஆனால் இங்கே மழை அடிக்கும் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள். குறுக்குக்கல் வெளியிலிருந்து உள்ளே வரை ஒரே துண்டு. திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரத்தை இழுத்துவரும். உள்சுவரில் அடிக்கொன்றாக, சதுரங்கப் பலகைபோல ஈரப்புள்ளி தெரிந்தால் காரணம் இதுதான். வெளிப்பக்கம் பூசுங்கள், கூரையை இரண்டரை அடியாவது வெளியே நீட்டுங்கள். உள்பக்கத்தைப் பூசாமல் சந்து மட்டும் தேய்த்து விடலாம், காசு மிச்சம்.

ஈரம் வர இன்னொரு வழியும் உண்டு. கட்டும்போது சாந்து வெற்றிடத்துக்குள் விழுந்து, இரு தோலுக்கும் பாலம் போட்டுவிடும். "பலமா இருக்கட்டும் சேர்" என்று சில பாஸ்மார் வேண்டுமென்றே கரண்டியால் உள்ளே தள்ளுவார்கள். பலம் ஒன்றும் அதிகமாகாது, சாந்துதான் வீண். மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடின பலகைத் துண்டொன்றை வெற்றிடத்தின் மேல் வைத்து, இரு ஓரங்களிலும் சாந்து போட்டுவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டால், உள்ளே ஒன்றும் விழாது. ஒரு மூங்கில் பிளாச்சுகூடப் போதும்.

கல் எடுக்கும்போதே பார்க்க வேண்டியது

படுக்கைக் கட்டில் கல்லின் அகலம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் சாந்து மறைத்துவிடும். இங்கே அகலம்தான் வரியின் உயரம். ஒரு கல் 100, அடுத்தது 110 என்றால் வரி அலைபோல ஏறி இறங்கும். லொறியிலிருந்து பத்துக் கல்லை எடுத்து, தரையில் நிமிர்த்தி வரிசையாக வைத்து, மேலே ஒரு நேர்ப்பலகையை வையுங்கள். இடுக்கில் விரல் நுழைந்தால் அந்தச் சூளைக் கல் இந்த வேலைக்கு ஆகாது. கனம் கூடின கல்லும் சரிவராது. நீளத்துக்குள் இரண்டு கனம் போக வெற்றிடம் எவ்வளவு மிஞ்சும் என்று முதலில் பாருங்கள். கல்லில் குழி இருந்தால் நீட்டுக்கல்லின் குழிப்பக்கம் வெற்றிடத்தைப் பார்க்கட்டும்.

கணக்குத் தெரிந்த பாஸ் ஒருவர் எனக்குக் காட்டியது இது. முதல் படுக்கை வரி மூன்று அங்குலம், அதன்மேல் நிமிர்ந்த வரி பதினெட்டு, ஒவ்வொன்றும் நாலரை. மொத்தம் 84 அங்குலம், சரியாக ஏழு அடி. கதவு நிலையின் தலை அங்கே வந்து நிற்கும். கல்லை வெட்டவே வேண்டியதில்லை. கதவோரத்தில் நிரப்பிக் கட்டும்போதும் இப்படித்தான்: மூன்று படுக்கை வரி ஒன்பது அங்குலம், இரண்டு நிமிர்ந்த வரியும் ஒன்பது. இரண்டு வரிக்கு ஒரு தரம் இரண்டும் ஒரே மட்டத்தில் சந்தித்துப் பிணையும்.

கரண்ட் பைப் எங்கே வருகிறது என்பதையும் கட்டும் முன்பே குறித்துவிடுங்கள். வெற்றிடங்கள் வரிக்கு வரி ஒன்றோடொன்று திறந்திருப்பதால் பைப்பை உள்ளேயே இறக்கலாம். கட்டி முடித்த பிறகு உளியால் கொத்தினால் மூன்றங்குலத் தோல் உடைந்துபோகும்.

எலி விஷயம்? முதல் வரி, கடைசி வரி, மூலை, கதவோரம் எல்லாம் அடைபட்டிருந்தால் எலிக்கு வாசலே இல்லை. வாசல் வருவது நாம் விடும் ஓட்டையால். ஸ்விட்ச் பெட்டியைச் சுற்றியும் பைப் வெளியே வரும் இடத்திலும் சாந்து அடைக்காமல் விட்டால் எலியும் வரும், குளவியும் வரும்.

வீடு குடிபுகுந்த பிறகு அக்கா கூப்பிட்டு அனுப்பினார். சாமிப் படத்துக்கு ஆணி அடிக்கப் பயமாக இருக்கிறதாம், சுவர் உடைந்துவிடுமோ என்று. ஒரு பத்து ரூபாய்க் குற்றியை எடுத்து உள்சுவரில் தட்டிக்கொண்டே போனேன். பெரும்பாலும் பானையில் தட்டியதுபோல ஒலித்தது. அடிக்கொரு தரம், மூன்று அங்குல இடத்தில் மட்டும், தரையில் தட்டியதுபோல அடங்கிய சத்தம். "இதுதான் குறுக்குக்கல் அக்கா, கனமானதெல்லாம் இங்க மாட்டுங்க" என்று பென்சிலால் குறித்தேன். குற்றியைக் கையில் வாங்கிக்கொண்டவர், நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அடுத்த அறைச் சுவரையும் தட்டிக் குறித்துவிட்டார்.